பன்றி உரிக்கும் கத்திக்கு எந்த இரும்பு? ஒன்று பல்லுடைகிறது, மற்றது மடிகிறது

முத்தையன்கட்டான்

வணக்கம். எங்கள் பக்கம் காலபோக நெல் கதிர் தள்ளுகிற நேரம் வயலுக்குள் காட்டுப்பன்றி இறங்கும். கேள்வி அந்தப் பன்றியை உரித்துக் கூறுபோடும் கத்தியைப் பற்றி மட்டும்தான். மான், மரை பாதுகாக்கப்பட்ட விலங்குகள், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

என்னிடம் இரண்டு கத்தி இருக்கிறது. ஒன்று கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்தது. அலகில் டி2 என்று பொறித்திருக்கிறது. மற்றது எங்கள் ஊர் கம்மாலையில் லொறி வில்லுத் தகட்டில் அடித்தது.

போன மாதம் ஏறக்குறைய அறுபது கிலோ வரும் பன்றி ஒன்று. டி2 கத்தி தோலைக் கிழித்துக்கொண்டு போனது, வாய் மழுங்கவே இல்லை. ஆனால் பின்தொடைப் பொருத்துக்குள் நுனியை விட்டு நெம்பினேன், வாயில் இரண்டு இடத்தில் பல்லுடைந்துவிட்டது. ஒன்று கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் ஆழம். பிறகு வில்லுக்கத்தியை எடுத்தேன். அது உடையவில்லை, ஆனால் ஒரு பக்கத் தோல் முடிய முன்பே வெட்டு நின்றுவிட்டது. அரைப் பன்றிக்கு நாலு தரம் தீட்ட வேண்டி வந்தது. இதற்கு மேலே, மாரி என்றபடியால் இரண்டும் உறைக்குள் கிடந்தே துருப்பிடித்தன. டி2 துருப்பிடிக்காது என்று மச்சான் சொன்னவர்.

வாயும் நிற்க வேண்டும், உடையவும் கூடாது, துருவும் ஏறக்கூடாது. இந்த மூன்றுக்கும் சேர்த்து எந்த இரும்பு வாங்கலாம்?

ஒட்டுசுட்டான் தம்பி

அண்ணை, துருப்பிடிக்காத கத்தி எல்லாம் வாய் நிற்காது. சில்வர் கத்தியில் பழம்தான் வெட்டலாம். இரும்பு என்றால் கருப்பு இரும்பு. என் பெரியப்பா வில்லுத் தகட்டை அடித்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில்தான் தோய்ப்பார். எண்ணெயில் தோய்க்கிறதே இல்லை. ஒரு கத்தியும் வெடிக்கவில்லை. உங்கள் கம்மாலைக்காரர் தோய்ச்சலை விட்டுவிட்டார் போலிருக்கிறது. திரும்பக் காய்ச்சித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள், சரிவரும்.

பாலிநகர் விவசாயி

நானும் இதைத்தான் கேட்க இருந்தேன். வேலிக்குக் கிளுவை, பூவரசு வெட்டுவதற்கு டி2 நல்லதா? ஒரு கத்தி பார்த்து வைத்திருக்கிறேன், அலகு கால் அங்குலத் தடிப்பு வரும்.

வவுனியா லேத்துப் பட்டறை

தம்பி முத்தையன்கட்டான், நான் முப்பது வருடமாக லேத்திலும் அச்சு வேலையிலும் இருக்கிறவன். டி2 எனக்குக் கத்தியாகப் பழக்கமானதல்ல, தகடு வெட்டும் அச்சாகப் பழக்கமானது. அதற்காகவே செய்த இரும்பு அது. அச்சுக்கு நல்லது ஏன், நெம்புவதற்குக் கூடாதது ஏன் என்பது இரண்டும் ஒரே காரணம்தான்.

டி2 இல் கரி ஒன்றரை வீதம் இருக்கிறது, குரோமியம் பன்னிரண்டு வீதமளவில். அவ்வளவு கரி இரும்புக்குள் கரைந்து நிற்காது. குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கடினமான சிறு கட்டிகளாக உறைந்துவிடும். கொங்கிறீற்றில் கருங்கல் சல்லி கிடக்கிற மாதிரி நினையுங்கள். மண்ணும் மணலும் உரசும்போது அந்தச் சல்லிதான் தேயாமல் நிற்கிறது, அதனால்தான் உங்களுக்கு வாய் போகவில்லை. ஆனால் டி2 இன் சல்லி பெரிசு. தீட்டி மெல்லிசாக்கிய வாயில் பக்கவாட்டாக நெருக்கம் வந்தால், சல்லியின் ஓரத்தில்தான் வெடிப்பு தொடங்கும். ஒரு கட்டி கழன்றால் பக்கத்தையும் கொண்டுபோகும். நீங்கள் பார்த்த பல்லுடைவு அதுதான். எலும்பை வெட்டியதால் உடைந்ததல்ல, பொருத்துக்குள் விட்டு நெம்பியதால் உடைந்தது.

துருக் கதையும் அங்கேயே இருக்கிறது. பன்னிரண்டு வீதம் குரோமியம் என்று கேட்டவுடன் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். அதில் நல்ல பங்கு அந்தக் கட்டிகளுக்குள் அகப்பட்டுப் போய்விட்டது. மேற்பரப்பைக் காக்க மிஞ்சியது போதாது. சாதாரண இரும்பை விட ஆறுதலாகத் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். மச்சான் பொய் சொல்லவில்லை, பெட்டியில் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

உங்கள் வில்லுக்கத்தியைப் பற்றி ஒரு கேள்வி. வாய் மழுங்கியபோது அது தேய்ந்திருந்ததா, மடிந்திருந்ததா? பகல் வெளிச்சத்தில் வாயை மேலே பார்க்கப் பிடியுங்கள். ஒரே சீராக மெல்லிய வெள்ளைக்கோடு தெரிந்தால் தேய்வு. ஒரு பக்கம் விரல் நகத்தை வாய்வரை இழுக்கும்போது சிக்கி, மற்றப் பக்கம் வழுக்கினால் மடிவு. பார்த்துச் சொல்லுங்கள்.

பாலிநகர்த் தம்பி, கிளுவை வெட்ட டி2 வேண்டாம். ஓங்கி அடிக்கிற கத்திக்கு வில்லுத் தகடே பொருத்தம்.

முல்லைக் கரையாள்

எனக்கு வேட்டை தெரியாது, நான் கருவாட்டு மீன் வெட்டுகிறவள். ஆனால் துரு பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் துருப்பிடிக்காது என்று சொல்லி ஒரு சில்வர் கத்தி வாங்கினேன். உப்பு மீன் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு நாளில் ஊசி குத்தினது மாதிரிப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்துவிட்டது. அம்மாவின் பழைய இரும்புக் கத்தி முழுதும் சாம்பல் நிறமாகிக் கிடக்கிறது, ஒரு குழி கிடையாது. இது ஏன் ஐயா?

வவுனியா லேத்துப் பட்டறை

தங்கச்சி, நல்ல கேள்வி. சில்வர் கத்தியின் மேலே கண்ணுக்குத் தெரியாத குரோமியப் படலம் ஒன்று இருக்கிறது. காற்றுப் பட்டால் அதுவாகவே வளரும். உப்பு அதை ஊசிமுனை அளவில் துளைக்கும். ஈரத்துணியில் சுற்றினால் அந்த இடத்துக்குக் காற்று வராது, படலம் திரும்ப வளராது, துளை கீழே கீழே போகும். அம்மாவின் கத்தியில் அப்படி ஒரு படலமே இல்லை. தினமும் வெட்டித் துடைத்துத் துடைத்து மேலே ஒரு சாம்பல் தோல் பிடித்திருக்கிறது. அரிப்பு வந்தாலும் பரவலாக வரும், ஒரு புள்ளியில் இறங்காது. அதோடு அம்மா கத்தியை ஈரமாக வைத்திருக்க மாட்டார்.

இதையே முத்தையன்கட்டானுக்கும் சொல்கிறேன். இரத்தத்திலும் உப்பு இருக்கிறது. எந்த இரும்பாக இருந்தாலும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய வைக்கும்வரை அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மாரியில் அது ஈரத்துணி மாதிரித்தான். காட்டுக்குப் போகும்போது கத்தியை உறையில் கொண்டுபோங்கள், வீட்டில் உறைக்கு வெளியே வையுங்கள்.

ஒட்டுசுட்டான் தம்பி

ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் தண்ணீர்த் தோய்ச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவின் கத்தி இருபது வருடம் நிற்கிறது.

வவுனியா லேத்துப் பட்டறை

பெரியப்பா செய்வது முழுக் கத்தியையும் போடுவதா, வாயை மட்டும் தோய்த்து எடுப்பதா? வாயை மட்டும் ஒரு விரலகலம் தோய்த்து எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், முதுகில் கிடந்த சூடு திரும்ப வாய்க்கு ஓடிவரும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வரும்போது திரும்பத் தண்ணீரில் போட்டால், கடினமும் கிடைக்கும், உடைப்பும் குறையும். அது பழைய நல்ல முறை, ஆனால் கண் தேர்ந்தவருக்கு. முதுகு தடித்த, முதுகில் சூடு இருக்கிற கத்திக்குத்தான் வேலை செய்யும்.

முழுத் தகட்டையும் தண்ணீரில் போட்டால் வில்லுத் தகடு வெடிக்கலாம். அதில் குரோமியமோ சிலிக்கனோ சேர்ந்திருக்கும், அதனால் எண்ணெயிலேயே நன்றாக இறுகிவிடும். எங்களுக்கு வரும் லொறிகளில் ஒரே இரும்பு இல்லை. யப்பான் லொறிகளில் பெரும்பாலும் குரோமியம் சேர்ந்த வகை, இந்திய லொறிகளில் சிலிக்கன் வகையும் வரும். இரண்டிலும் கரி அரை வீதத்துக்கு மேலே, கிட்டத்தட்ட 0.6 வீதம். இரண்டும் எண்ணெய்க்கு இறுகும். அப்படியிருக்க வெடிப்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

முத்தையன்கட்டான்

ஐயா, பார்த்தேன். நகம் ஒரு பக்கம் சிக்குகிறது, மறுபக்கம் வழுக்குகிறது. மடிவுதான். கம்மாலைக்காரரையும் கேட்டேன். தகட்டைச் சூடாக்கி அடித்து, பிறகு "அது ஏற்கனவே வில்லு இரும்புதானே" என்று தோய்க்காமல் தந்திருக்கிறார். அரம் போட்டுப் பார்த்தேன், அரம் நன்றாகக் கடித்துச் சுருள் எடுக்கிறது.

வவுனியா லேத்துப் பட்டறை

அதுதான் விசயம். அடித்தவுடன் ஆறவிட்டால் தகடு மென்மையாகிவிடும். அடிக்காமல் அப்படியே அரைத்தெடுத்திருந்தாலும் வாய்க்குப் போதாது. வண்டிக்குச் செய்யும்போது அதைத் தோய்த்த பிறகு நிறையச் சூட்டில் திரும்பக் காய்ச்சி, கடினத்தைக் குறைத்து, அதாவது பதம் இறக்கித்தான் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் பள்ளத்தில் விழுந்தவுடன் ஒடிந்துவிடும். றொக்வெல் என்ற கடின அளவில் 45க்கு முன்னே பின்னே இருக்கும். கத்தி வாய்க்கு 57, 58 வேண்டும். உங்கள் இரும்பு கெட்டதல்ல, வேலை முடியவில்லை. முடித்துக்கொள்ளலாம். புதுக் கத்தி வாங்க முன்பு இதைச் செய்து பாருங்கள்.

வாயை இப்போது கூர்மையாக விடாதீர்கள், ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் விடுங்கள். மெல்லிய வாயைக் காய்ச்சினால் கரி மேற்பரப்பிலிருந்து எரிந்து போகும், கோணலும் பிடிக்கும். கரியடுப்பில் சீராகக் காய்ச்சுங்கள், ஊதித் தள்ள வேண்டாம். கம்பியில் கட்டிய காந்தத்தை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டாத நிலை வந்த பிறகு இன்னும் கொஞ்சம், நிழலில் பார்த்தால் ஒரு படி கூடச் சிவப்பு, அவ்வளவு போதும். செம்மஞ்சளுக்குப் போனால் இரும்பின் உள்மணி பெருத்துவிடும். உடனே வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் நுனி கீழே பார்க்கக் குத்தென இறக்குங்கள், பக்கவாட்டில் ஆட்ட வேண்டாம், கோணும். எண்ணெய்ப் பாத்திரம் உயரமான தகரமாகவும், பக்கத்தில் மூடியோடும் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடினால் அணையும்.

ஆறியவுடன் அரம் போடுங்கள். வழுக்கினால் இறுகியது. கரி எரிந்துபோன மெல்லிய மேல்தோலில் அரம் கடிக்கலாம், இரண்டு இழுப்புக்குப் பிறகு பாருங்கள். அப்போது கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். அன்றே பதம் இறக்க வேண்டும்.

அதற்கு உங்கள் ஊர்ப் பாண் போறணை போதும். பாண் எடுத்த பிறகு சூடு கொஞ்சம் இறங்கும், 200 பாகைக்குக் கிட்ட நிற்கும் நேரம் பார்த்து இரண்டு மணித்தியாலம் வைத்து எடுங்கள். ஆறவிட்டு, அடுத்த நாள் இன்னொரு தரம் அதே மாதிரி. சுடர் படும் பக்கம் வைக்க வேண்டாம். ஒரு சின்ன இடத்தை மணற்கடதாசியால் தேய்த்துப் பளபளப்பாக்கி வையுங்கள். அது வெளிறிய வைக்கோல் நிறம் எடுத்தால் சரி. நீலமாகிவிட்டால் 300 பாகைக்குப் போய்விட்டது, திரும்பத் தோய்க்க வேண்டும்.

அதே தகட்டில் மிஞ்சிய துண்டு ஒன்றையும் கூடவே காய்ச்சித் தோயுங்கள். அதைப் பதம் இறக்காமல் பலகை இடுக்கியில் வைத்து உடையுங்கள், துண்டைத் துணியால் சுற்றி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. உடைந்த முகம் சாம்பல் வெல்வெட் மாதிரி இருந்தால் சூடு சரி. சீனி மாதிரி மினுங்கினால் கூடப் போய்விட்டது.

ஒஸ்லோ மாங்குளம்

நான் மாங்குளத்தில் பிறந்து இங்கே இருக்கிறவன். இலையுதிர் காலத்தில் இவர்கள் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகும்போது நானும் போயிருக்கிறேன். இங்கே எல்லோர் இடுப்பிலும் சுவீடனின் மோரா கத்திதான். பலதில் 12சி27 இரும்பு, சிலதில் 14சி28என். இரண்டும் துருப்பிடிக்காத வகை. கரி 0.6 வீதத்துக்குக் கிட்டத்தான், வில்லுத் தகட்டுக்குச் சமம். கட்டிகள் மிகவும் சின்னவை, அதனால் மெல்லிசாகத் தீட்டினாலும் பல்லுடைவது அரிது. ஈரம், இரத்தம், மழை எல்லாவற்றிலும் கிடந்தாலும் எனக்குப் பெரிதாகத் துரு ஏறவில்லை.

ஒட்டுசுட்டான் தம்பி சொல்கிற மாதிரிப் பழம் வெட்டும் கத்தியல்ல. ஆனால் டி2 அளவுக்கு வாய் நிற்காது என்பதும் உண்மை. ஒரு எல்க் உரிக்கும்போது நடுவில் இரண்டு தரம் சின்ன வைரத்தட்டில் ஐந்து ஆறு இழுப்பு இழுப்போம். அந்த இழுப்பில் உடனே திரும்பிவிடும். டி2 திரும்ப வெட்ட நேரம் எடுக்கும். அதனால் முத்தையன்கட்டான் அண்ணை கேட்ட மூன்றுக்கும் கிட்டப் போகிறது 14சி28என் என்று நினைக்கிறேன்.

வவுனியா லேத்துப் பட்டறை

ஒஸ்லோத் தம்பி சொன்னது சரி. துருவும் உடைவும் முதல் கவலை என்றால் அந்த இரும்புதான். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. எல்க் சுத்தமான மயிரோடு வரும். எங்கள் பன்றி சேற்றில் புரண்டு வரும். தோலுக்குள் ஏறிய காய்ந்த சேறு முழுதும் மணல். எந்த இரும்பும் மணலில் நிற்காது, டி2 கூடக் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். முதல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். தோலின் மேலிருந்து கீழே வெட்டாமல், ஒரு சின்னத் துளை போட்டு, கத்தியைத் தலைகீழாக உள்ளே விட்டு, உள்ளிருந்து வெளியே வெட்டுங்கள். வாய்க்கு மணல் படுவது பாதியாகக் குறையும். இரும்பு மாற்றுவதை விட இதில் கூடப் பலன் இருக்கிறது என்பது என் அனுபவம்.

இன்னொன்று, நீங்கள் தோல் உரிப்பதா, வாட்டிச் சுரண்டுவதா? வாட்டிச் சுரண்டுவது என்றால் அந்தக் கத்தியைச் சுரண்டக் கொடுக்க வேண்டாம். சாம்பலும் மணலும் வாயைப் பக்கவாட்டில் உரசும். தணலுக்குள் நுனி போனால் பதமும் போகும்.

முத்தையன்கட்டான்

ஐயா, வாட்டிச் சுரண்டிவிட்டுத்தான் உரிப்போம். அதே வில்லுக்கத்தியால்தான். இப்போதுதான் விளங்குகிறது, எனக்கு நாலு தரம் தீட்ட வேண்டி வந்ததற்கு ஏன் என்று.

டி2 பல்லுடைந்ததை என்ன செய்வது? எறிவதா?

வவுனியா லேத்துப் பட்டறை

எறிய வேண்டாம். ஒரு மில்லிமீற்றர் குழி போக, வாயை முழுவதும் ஒரு மில்லிமீற்றர் பின்னுக்குத் தேய்க்க வேண்டும். மின் சாணையில் செய்யாதீர்கள். மெல்லிய வாய் ஒரு கணத்தில் சூடேறும், நீலம் கண்டால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். கரடுமுரடான வைரத்தட்டில் தண்ணீரோடு கையால் செய்யுங்கள், ஒரு பின்னேரம் எடுக்கும். பிறகு கோணத்தைக் கொஞ்சம் அகட்டுங்கள். இப்போது பக்கத்துக்கு 15 பாகை மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன், 20க்குக் கொண்டுவாருங்கள். கத்தியைத் தட்டில் நிமிர்த்திவைத்தால் 90, பாதி சாய்த்தால் 45, அதில் பாதி 22. அதற்கு ஒரு மயிரளவு கீழே. தோலுக்கும் இறைச்சிக்கும் அதைப் பாவியுங்கள், பொருத்துக்குள் நெம்ப வில்லுக்கத்தி.

ஒட்டுசுட்டான் தம்பி

பெரியப்பாவிடம் கேட்டேன். வாயை மட்டும்தான் தோய்ப்பாராம். முதுகிலிருந்து நிறம் ஓடிவருவதைப் பார்த்துத் திரும்பத் தோய்ப்பாராம். நான்தான் சின்ன வயதில் கண்டதைப் பாதியாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அவர் எண்ணெயை ஏற்கவில்லை. தண்ணீரில் தோய்த்த வாய் கூடக் கடினம் என்கிறார்.

வவுனியா லேத்துப் பட்டறை

தோய்த்தவுடன் கொஞ்சம் கூடக் கடினமாக இருக்கலாம். பதம் இறக்கிய பிறகு வித்தியாசம் எவ்வளவு மிஞ்சும் என்பது தகட்டைப் பொறுத்தது. பெரியப்பாவோடு நான் வாதாட மாட்டேன், அவர் கையில் அது வரும். முத்தையன்கட்டான் முதல் தரம் செய்கிறார், அதனால் எண்ணெய்.

முத்தையன்கட்டான் (மூன்று கிழமை கழித்து)

கம்மாலைக்காரரோடு சேர்ந்து செய்தோம். முதல் துண்டு உடைத்தபோது சீனி மாதிரி மினுங்கியது. இரண்டாவது தரம் காந்தத்தைப் பார்த்து நிறுத்தினோம், முகம் சாம்பல் நிறம். கத்தி ஒரு பக்கம் ஒரு மயிரளவு கோணியது, போறணைச் சூட்டில் இருந்து எடுத்தவுடன் கையுறை போட்டு நிமிர்த்தினோம். நிறம் வைக்கோல் வந்தது. ஐயா சொல்லாத ஒன்றையும் செய்தேன். வாயைப் பித்தளைக் கம்பி மேல் வைத்து இலேசாக அழுத்தினேன். வாய் வளைந்து திரும்ப நேரானது, உடையவும் இல்லை, வளைந்தபடி நிற்கவும் இல்லை.

முந்தநாள் ஒரு பன்றி. கழுவி, பழைய மழுங்கல் கத்தியால் சுரண்டி, பிறகு இந்தக் கத்தி. முழுப் பன்றிக்கும் நடுவில் ஒரு தரம் மட்டும் தீட்டினேன். பொருத்துக்குள் நெம்பினேன், பல்லு விழவில்லை. டி2 இறைச்சிக் கூறுக்கு மட்டும்.

ஒரு பிரச்சினை மிச்சம் இருக்கிறது. வில்லுக்கத்தியின் பிடிப் பலகைக்கும் இரும்புக்கும் நடுவில் சிவப்பாகத் துருக்கோடு தெரிகிறது. வெளியே துடைத்து எண்ணெய் பூசினாலும் அங்கே போவதில்லை. பலகையைக் கழற்றுவதா?

முல்லைக் கரையாள்

எங்கள் வீட்டுக் கத்திக்கும் அப்படித்தான் வந்தது. அண்ணா ஆணியைத் துளைத்துக் கழற்றி, உள்ளே தேய்த்து, பிசின் பசை பூசித் திரும்ப அடித்தார். இப்போது இரண்டு மாரி போய்விட்டது, தெரியவில்லை.

வவுனியா லேத்துப் பட்டறை

கழற்றுங்கள். இரத்தத் தண்ணீர் உள்ளே நின்றால் வால் இரும்பு மெல்ல மெல்லத் தின்னப்படும், வெளியே ஒன்றும் தெரியாது. உட்பக்கம் தேய்த்துக் காய வைத்து, இரண்டு பாகமாக வரும் எப்பொக்சிப் பசையை நிறையப் பூசி இறுக்குங்கள், ஓரத்தால் பிதுங்கி வர வேண்டும். கழற்றியபோது வால் ஆணித்துளைக்குப் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். பழைய லொறித் தகடு ஓடி ஓடிக் களைத்தது, சிலதில் மயிர் மாதிரி வெடிப்பு முன்பே இருக்கும். இருந்தால் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.